முதல் கூட்டத்துக்கு முன்பு போகவேண்டிய மின்னஞ்சல்

திருப்பூரில் இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூலுக்கு ஒரு குடோன், துணிக்கு ஒரு குடோன். எந்த நூல் எத்தனை மூட்டை இருக்கிறது, எந்தத் துணி எத்தனை ரோல் இருக்கிறது என்பது ஸ்டோர் பொறுப்பாளர்களின் நோட்டில் பாதி, நினைவில் பாதி. ஆர்டர் வந்தால் மெர்ச்சண்டைசர் போன் போட்டு, “அண்ணே, 30 கோம்டு எவ்வளவு இருக்கு?” என்று கேட்பார். ஸ்டோர்காரர் கொஞ்சம் யோசித்து ஒரு கணக்கு சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியில்லாத நாளில், இருக்கிற நூலையே திரும்ப வாங்குவார்கள், அல்லது இல்லாத நூலை நம்பி பையருக்குத் தேதி கொடுப்பார்கள்.

இதை மாற்ற வேண்டும், மூட்டைக்கும் ரோலுக்கும் பார்கோடு ஒட்டி இருப்பைக் கணினியில் கொண்டுவர வேண்டும் என்று முதலாளி முடிவெடுத்துவிட்டார். மென்பொருளுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் செய்திதான்: “புதன்கிழமை 11 மணிக்கு மீட்டிங். எல்லாரும் வந்துடுங்க.”

அந்தக் கூட்டம் எப்படிப் போகும் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஸ்டோர்காரர்கள் இது தங்கள் மேல் வந்த சந்தேகமோ என்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். கணக்காளர், கணக்கும் ஜிஎஸ்டியும் சேர்ந்தே மாறப்போகிறது என்று நினைத்துக் கவலைப்படுவார். மென்பொருள் கம்பெனி ஆள் திரையில் படம் படமாகக் காட்டுவார். ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் “சரிங்க” என்று எழுந்து போவார்கள். திங்கட்கிழமை யார் எதைத் தொடங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு மின்னஞ்சல் போயிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. என்ன செய்யப்போகிறோம், யார் செய்வார்கள், எந்தெந்தத் தேதியில் எது முடிந்திருக்க வேண்டும், முதலில் எப்போது கூடுகிறோம் என்ற நான்கையும் அது சொல்ல வேண்டும். பலர் இதை அறிவிப்பு என்றே நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. படிப்பவர் மறுத்துப் பேச வாய்ப்பு கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஜனவரியில் வரும் மறுப்புக்கு ஒரு போன் பேச்சு போதும். அதே மறுப்பு மார்ச்சில் வந்தால் வேலையே நின்றுவிடும்.

நம் பனியன் கம்பெனிக்கு அந்த மின்னஞ்சலை எழுதிப் பார்ப்போம். அனுப்பும் நாள் 2026 டிசம்பர் 30, புதன். அனுப்புபவர் கம்பெனியின் நிர்வாகப் பங்குதாரர்.

பொருள்: நூல், துணி குடோன் பார்கோடு வேலை – முதல் கூட்டம் ஜனவரி 6, புதன், காலை 11 மணி

அனைவருக்கும் வணக்கம்.

2027 ஏப்ரல் 1, வியாழன் முதல் நம் நூல் குடோன், துணி குடோன் இரண்டின் இருப்பும் நோட்டில் அல்லாமல் கணினியில் இருக்கும். ஏப்ரல் 30 அன்று ஏதாவது 30 பொருட்களை எடுத்து எடை போடுவோம். அவற்றில் 28-இலாவது கணினி சொல்லும் எடைக்கும் தராசு சொல்லும் எடைக்கும் வித்தியாசம் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படி இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள்.

பட்டன், லேபிள், ஜிப் போன்ற உதிரிகளும், தைத்து முடித்த சரக்கும், கணக்குப் பதிவும் இந்த வேலையில் சேராது. நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் வெளியே போகும் சரக்கில், போன எடையும் வந்த எடையும் மட்டும் பதிவாகும். அந்த இடங்களுக்குப் போய் இருப்பு எடுக்க மாட்டோம்.

வேலை முழுவதற்கும் பொறுப்பு உற்பத்தி மேலாளர். அவர் ஊரில் இல்லாத நாளில் கணக்காளர் முடிவெடுப்பார். 25,000 ரூபாய்க்கு மேற்பட்ட செலவும் தேதி மாற்றமும் என்னிடம் வர வேண்டும். நூல் பட்டியல் நூல் ஸ்டோர் பொறுப்பாளருடையது, துணிப் பட்டியல் துணி ஸ்டோர் பொறுப்பாளருடையது. இருவரும் ஜனவரி 7 முதல் தினமும் மதியம் 2 முதல் 4 வரை இந்த வேலை மட்டும் செய்வார்கள். அந்த நேரத்தில் சரக்கு வாங்குவதையும் கொடுப்பதையும் உதவியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஸ்கேனர், லேபிள் பிரிண்டர், பயிற்சி மூன்றும் மென்பொருள் நிறுவனத்தின் பொறுப்பு. மார்ச் 31 இருப்பு மதிப்புக்குக் கணக்காளர் பொறுப்பு. மெர்ச்சண்டைசர்களுக்கு இதில் வேலை இல்லை, தகவலுக்காக சேர்த்திருக்கிறேன்.

ஜனவரி 30, சனி: ஒரு பொருளுக்கு ஒரே பெயர், ஒரே அலகு என்ற பட்டியலில் இரு ஸ்டோர் பொறுப்பாளர்களின் கையெழுத்து.
பிப்ரவரி 24, புதன்: லேபிள் இல்லாத மூட்டையோ ரோலோ குடோனில் இல்லை.
மார்ச் 1 முதல் 20 வரை: நோட்டு, கணினி இரண்டிலும் பதிவு.
மார்ச் 22, திங்கள்: ஏப்ரல் 1-இல் மாறுவதா, தள்ளிவைப்பதா என்ற முடிவு.
மார்ச் 28, ஞாயிறு: முழு இருப்புக் கணக்கெடுப்பு.
ஏப்ரல் 30, வெள்ளி: 30 பொருள் சோதனை.

முதல் கூட்டம் ஜனவரி 6, புதன், காலை 11 முதல் 12 வரை, ஆபீஸ் மாடியில். சென்னையிலிருந்து மென்பொருள் நிறுவனத்தார் வீடியோவில் சேர்வார்கள். பொருளுக்குப் பெயர் வைக்கும் முறை, துணியை ரோலில் பதிவதா கிலோவில் பதிவதா என்ற இரண்டை மட்டும் அன்று முடிவு செய்வோம். ஸ்டோர் பொறுப்பாளர்கள் டிசம்பர் மாத நோட்டைக் கொண்டு வரவும்.

இதில் தவறோ, உங்களால் முடியாததோ இருந்தால் ஜனவரி 4, திங்கள் மாலைக்குள் உற்பத்தி மேலாளரிடம் சொல்லுங்கள். போனில் சொன்னாலும் போதும்.

மின்னஞ்சல் இவ்வளவுதான். தாளில் அச்சிட்டால் ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்கும். நான் இங்கே பதவிகளைப் போட்டிருக்கிறேன். உண்மையில் அனுப்பும்போது அந்த இடங்களில் ஆட்களின் பெயரே வர வேண்டும். “ஸ்டோர் பார்த்துக்கொள்ளும்” என்று எழுதினால் மூன்று பேரில் ஒருவரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

நோக்கத்தில் 2 சதவீதம் என்று போட்டதற்குக் காரணம் உண்டு. பருத்தி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் எடை போட்ட மூட்டை கோடையில் அதே எடை காட்டாது, ஒரு கோன்கூட வெளியே போகாதபோதும் குறைந்து காட்டும். “இருப்பு துல்லியமாக இருக்க வேண்டும்” என்று மட்டும் எழுதியிருந்தால், ஏப்ரல் முடிவில் முதலாளி 800 கிலோவில் 6 கிலோ குறைகிறது என்று கோபப்படுவார், ஸ்டோர்காரர் ஈரப்பதம் என்பார், இருவர் சொல்வதும் நியாயமாகவே இருக்கும். எவ்வளவு வித்தியாசம் வரை சரி என்பதை முதல் நாளே எண்ணில் எழுதிவிட்டால் அந்தச் சண்டைக்கு இடமில்லை. யார் எப்படிச் சோதிப்பார்கள் என்பதும் கூடவே இருப்பதால், வேலை முடிந்ததா என்பது யாருடைய அபிப்பிராயமாகவும் இருக்காது.

அடுத்த பத்தி, அதாவது எது சேராது என்ற பத்தி, பல மின்னஞ்சல்களில் இருப்பதே இல்லை. எழுதுபவருக்கு அது தேவையில்லாததாகத் தோன்றும். ஆனால் பனியன் தொழிலில் சரக்கின் கணிசமான பகுதி எந்நேரமும் வெளியேதான் இருக்கும். நூல் நிட்டிங்குக்குப் போகும், நெய்து வந்த துணி சாயத்துக்குப் போகும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்குப் போகும். ஒவ்வொரு இடத்திலும் எடை மாறும், சேதாரம் கழியும். அதையும் எண்ணித்தான் தீர வேண்டும் என்று யாராவது பிப்ரவரியில் கிளப்பினால், இரண்டு குடோன் வேலை எட்டு இடத்து வேலையாகிவிடும். சலானில் இருக்கும் இரண்டு எடைகள் போதும் என்று முதலிலேயே எல்லை கட்டிவிட்டதால் அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கிறது. வேண்டுமென்றால் அடுத்த ஆண்டு அதைத் தனி வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

யார் என்ன செய்வது என்ற பகுதிக்கு மேலாண்மைப் பாடங்களில் ரேசி என்ற கட்டமுறை ஒன்று உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் நேரே, கையால் செய்பவர் யார், முடியவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் யார், கேட்டுக்கொள்ள வேண்டியவர் யார், தெரியப்படுத்தினால் போதுமானவர் யார் என்று நான்காகப் பிரித்துக் கட்டம் போடுவார்கள். இருபது பேர் இருக்கும் வேலைக்கு அது உதவும். ஆறேழு பேர் இருக்கும் நம் வேலைக்குக் கட்டம் தேவையில்லை. ஆனால் அதிலுள்ள ஒரு விதியை விட்டுவிடக் கூடாது. செய்பவர்கள் பலராக இருக்கலாம், பதில் சொல்ல வேண்டியவர் ஒரு வேலைக்கு ஒருவர்தான். அதனால்தான் நூல் பட்டியலையும் துணிப் பட்டியலையும் தனித்தனியாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறோம்.

இந்தப் பகுதியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மதியம் 2 முதல் 4 வரை என்ற வரி. பார்கோடு வேலையில் நேரத்தைத் தின்பது மென்பொருள் அல்ல, பொருள் பட்டியல். நோட்டைப் புரட்டினால் ஒரே நூல் ஒரு பக்கத்தில் “30 கோம்டு” என்றும், இன்னொரு பக்கத்தில் “30ஸ் கோம்டு ஹொசைரி” என்றும், வேறொருவர் கையெழுத்தில் “30 சிஎச்” என்றும் இருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று ஸ்டோர்காரருக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது, மூன்றையும் மூன்று பொருளாக வைத்துக்கொள்ளும். துணியில் இன்னும் சிக்கல். ஜிஎஸ்எம், டையா, நிறம், சாய லாட் நான்கும் ஒத்துப்போனால்தான் ஒரே துணி. லாட் மாறினால் ஒரே நிறம்கூட ஆடையில் சேராது. இத்தனையையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். நாள் முழுவதும் வண்டி இறக்குவதும் சரக்கு எண்ணிக் கொடுப்பதுமாக இருப்பவர்கள் அவர்களே. அவர்களுக்குத் தினம் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி, அந்த நேரத்தில் அவர்கள் இடத்தில் நிற்பவர் யார் என்றும் எழுதாவிட்டால், ஜனவரி 30 என்ற தேதிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பழைய வேலையும் குறையாமல், புதிய வேலையும் நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் இத்தகைய வேலைகள் பெரும்பாலும் படுத்துவிடுகின்றன.

இந்த மின்னஞ்சல் முதலாளியிடமிருந்து போக வேண்டும் என்பதும் இதனால்தான். உற்பத்தி மேலாளர் அனுப்பினால், ஸ்டோர்காரரின் மதிய நேரத்தை எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமலே நிற்கும். ஆனால் பதில்கள் மேலாளருக்குப் போக வேண்டும். முதலாளியிடம் “முடியாதுங்க” என்று எழுதப் பலருக்கும் தயக்கம் இருக்கும்.

அனுப்புவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. மின்னஞ்சலில் பெயர் வரும் ஒவ்வொருவரிடமும் மேலாளர் நேரில் போய்ப் பேசியிருக்க வேண்டும். தன் பொறுப்பை ஒருவர் பத்துப் பேர் படிக்கும் மின்னஞ்சலில் முதன்முதலாகத் தெரிந்துகொள்வது மரியாதைக் குறைவு. ஸ்டோர்காரருக்கு மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால், தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். மின்னஞ்சலின் பெறுநர் இடத்தில் வேலை இருப்பவர்களின் பெயர் மட்டும் இருக்கட்டும், தகவலுக்கானவர்கள் சிசியில் இருக்கட்டும். எல்லோரையும் ஒரே வரியில் போட்டால் தனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும்.

இனி தேதிகள். மைல்கல் என்று எழுதப்படுவது போய்ப் பார்த்தால் உண்டு, இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். “பிப்ரவரி 24-க்குள் லேபிள் ஒட்டும் வேலை” என்று எழுதினால், அன்றைக்குக் கேட்கும்போது “முக்கால்வாசி முடிஞ்சுதுங்க” என்ற பதில் வரும். மார்ச் 10-லும் அதே முக்கால்வாசிதான் இருக்கும். “லேபிள் இல்லாத மூட்டை குடோனில் இல்லை” என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் குடோனைச் சுற்றி வந்து பார்க்கலாம். ஒரு மூட்டை கிடைத்தாலும் வேலை முடியவில்லை.

பட்டியலுக்கு ஜனவரி 30 வரை விட்டது அதிகம் என்று தோன்றலாம். நடுவில் பொங்கல் இருக்கிறது. திருப்பூரில் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து வேலை பழைய வேகத்துக்கு வர மாதக் கடைசி ஆகிவிடும். கூட்டத்துக்கு ஜனவரி 6-ஐத் தேர்ந்ததும் இப்படித்தான். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று மாதந்தோறும் கணக்காளருக்கு இரண்டு கெடுக்கள். அவற்றை ஒட்டிய நாட்களில் அவரை உட்கார வைத்தாலும் மனம் அங்கே இருக்காது. சனிக்கிழமை வாரச் சம்பளம். புதன் காலைதான் எல்லோருக்கும் ஓரளவு ஓய்வான நேரம். ஏப்ரல் 1-க்கும் காரணம் உண்டு: நிதியாண்டு முடியும்போது இருப்பை எப்படியும் எண்ணியாக வேண்டும், அதே எண்ணிக்கையைப் புதிய முறைக்குத் தொடக்க இருப்பாக வைத்துக்கொள்ளலாம்.

தேதியோடு கிழமையையும் எழுதுவது சின்னப் பழக்கம், ஆனால் பலன் பெரிது. தேதியில் பிழை இருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். 06/01 என்று எண்ணில் மட்டும் எழுதினால் அமெரிக்க பையரோடு பழகிய மெர்ச்சண்டைசர் அதை ஜூன் 1 என்று படிக்கவும் கூடும்.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். நம் கம்பெனியில் டிசம்பர் 31 அன்று துணி ஸ்டோர் பொறுப்பாளர் மேலாளருக்குப் போன் செய்கிறார். “சார், மார்ச் 28 ஈஸ்டருங்க. நம்ம குடோன்ல நாலு பேரு சர்ச்சுக்குப் போறவங்க.” நாட்காட்டியைப் பார்த்தால் உண்மைதான், 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28-இல் வருகிறது, புனித வெள்ளி 26-இல். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஓய்வு, எண்ண வசதி என்று மட்டும் பார்த்துத் தேதி போட்டதில் இது கண்ணில் படவில்லை.

மேலாளர் மாற்று யோசிக்கிறார். முந்தைய ஞாயிறு 21-இல் எண்ணினால், 31 வரை பத்து நாள் வரவையும் செலவையும் கூட்டிக் கழிக்க வேண்டும், அதில் பிழை நுழையும். கடைசியில் மார்ச் 31, புதன் மதியம் 2 மணிக்கு மேல் சரக்கு வரவும் செலவும் நிறுத்திவிட்டு அன்றே எண்ணுவது என்று முடிவாகிறது. இதனால் கூட்டிக் கழிக்கும் வேலையே இல்லை. ஆனால் நூல் மில்காரர்களிடமும் சாயப்பட்டறைகளிடமும் அன்று மதியம் வண்டி அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஒரு பெயர் வேண்டும். இதுவரை வேலை இல்லாமல் சிசியில் இருந்த மெர்ச்சண்டைசர்களில் ஒருவர் பெறுநர் வரிசைக்கு வருகிறார்.

கணக்காளர் பதில் எழுதவே இல்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கமான தவறு. ஜனவரி 4 மாலை மேலாளர் அவரிடம் நேரில் போய்க் கேட்டால்தான் தெரிகிறது, இருப்பு மதிப்பைத் தான் ஒருவரே போடுவது ஆடிட்டருக்குச் சம்மதமா என்ற சந்தேகத்தில் அவர் இருந்திருக்கிறார். ஆடிட்டரிடம் ஒரு போன், விஷயம் தீர்ந்தது. பதில் வராதவர்கள் ஒவ்வொருவரையும் கூட்டத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஜனவரி 6 கூட்டத்தில் மின்னஞ்சலை யாரும் வாசித்துக் காட்டவில்லை. எல்லோரும் படித்துவிட்டு வந்திருந்ததால் இரண்டு முடிவுகளும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தன. துணியைக் கிலோவில் பதிவது, ரோல் எண்ணிக்கையைக் கூடவே குறிப்பது என்று தீர்மானமாயிற்று. நூலுக்குக் கவுண்ட், ரகம், மில் என்ற வரிசையில் பெயர்.

அன்று மாலையே திருத்திய மின்னஞ்சல் போக வேண்டும். பழையதை அப்படியே மாற்றி அனுப்பினால் எது மாறியது என்று ஒருவருக்கும் தெரியாது. மேலே மூன்று வரி போதும்: கணக்கெடுப்பு மார்ச் 28-இலிருந்து 31-க்கு மாறியது, வண்டி நிறுத்தும் பொறுப்பு சேர்ந்தது, துணிக்கு அலகு கிலோ. அதற்குக் கீழே முழு மின்னஞ்சலும் புதிய தேதியோடு. இனி யாரும் பழையதைப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த முறை எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச் 22 என்ற தேதியை நடுவில் வைத்ததே அதற்காகத்தான். மூன்று வாரம் நோட்டும் கணினியும் இணையாக ஓடிய பிறகும் தினசரி இருப்பு ஒத்துப்போகவில்லையென்றால், ஏப்ரல் 1-ஐக் கைவிட்டு நோட்டிலேயே தொடரும் உரிமை அன்று இருக்கிறது. அந்த முடிவு முதலாளியுடையது என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருப்பதால், மேலாளர் பயந்துகொண்டு பொய்க்கணக்கு காட்ட வேண்டியதில்லை.

உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ சங்கத்திலோ புதிய வேலை தொடங்குவதாக இருந்தால், கூட்டத்துக்கு ஆள் கூப்பிடும் முன் இப்படியொரு மின்னஞ்சலை எழுதிப் பாருங்கள். ஒரு பொறுப்புக்கு நேரே எழுதப் பெயர் கிடைக்கவில்லை, அல்லது அந்தப் பெயருக்கு உரியவரின் நேரத்தை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை என்றால், கூட்டத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.